கோடு யாருடையது? ஆறு இலக்க எண்ணில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டுக்கல்லில் இருக்கும் என் அத்தைக்குத் தோழியின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, என்னோட கோடு தெரியாம உங்க நம்பருக்கு வந்துடுச்சு. கொஞ்சம் அனுப்புங்க, அவசரம்." பார்த்தால், எஸ்எம்எஸ்ஸில் உண்மையிலேயே ஓர் ஆறு இலக்க எண் வந்து கிடந்தது. அத்தை அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் அவருடைய போனிலேயே வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. தோழியின் கணக்கு முந்தைய நாளே இதே வழியில் பறிபோயிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"தெரிஞ்சவங்கதானே கேட்டாங்க" என்று அத்தை பலமுறை சொன்னார். நான் அதைப் பெரிய தவறாகச் சொல்லமாட்டேன். பெயரும் படமும் தோழியுடையவைதான். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. இன்னொருவரின் கோடு நம் எண்ணுக்கு வரவே வராது. எந்த எண்ணைப் புதிய போனில் வாட்ஸ்அப்பில் பதிவு செய்கிறார்களோ, அந்த எண்ணுக்குத்தான் கோடு போகும். அத்தைக்குக் கோடு வந்தது என்றால், யாரோ அத்தையின் எண்ணைத் தங்கள் போனில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்த ஒன்று தெரிந்திருந்தால் அந்தச் செய்தியே பொய் என்று அங்கேயே புரிந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பிலேயே "நீதானா?" என்று கேட்பதும் வீண்தான், பதில் சொல்லப்போவது திருடன்தான். சாதாரண போன் அழைப்பில் பேசுங்கள். எண்ணும் சிம்மும் இன்னும் தோழியிடம்தான் இருக்கின்றன.

பறிபோன பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம். பயத்தில் அத்தை போனை அணைத்து வைத்துவிட்டார். அந்த இரண்டு மணி நேரத்தில் உறவினர் குழுவில் அவர் பெயரில் "அவசரமா பதினைந்தாயிரம் வேணும், சாயங்காலம் தந்துடறேன்" என்று செய்தி ஓடியது. திருடனுக்குப் பழைய உரையாடல்கள் தெரியாது, அவை அத்தையின் போனில்தான் இருக்கின்றன. ஆனால் குழுக்களும் அவற்றில் உள்ள எண்களும் அவனுக்குக் கிடைத்துவிடும். என் தம்பிக்குச் சந்தேகம் வந்தது இரண்டு காரணங்களால். அவனை எப்போதும் "கண்ணா" என்று கூப்பிடும் அத்தை "ஹாய்" என்று ஆரம்பித்திருந்தார். பணம் அனுப்பப் போனால் யூபிஐயில் யாரோ முன்பின் தெரியாதவர் பெயர் வந்தது.

சரி, உடனே என்ன செய்திருக்க வேண்டும்? அதே போனில், அதே எண்ணை வாட்ஸ்அப்பில் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். புதிய கோடு அத்தைக்கே வரும். அதைப் போட்ட நொடியில் திருடனின் போனில் கணக்கு வெளியேறிவிடும், ஏனென்றால் ஓர் எண் ஒரு முதன்மைப் போனில்தான் இருக்க முடியும். இன்னொரு பக்கம் யாராவது குழுவில் எச்சரித்து, அந்த எண்ணை அட்மினைக் கொண்டு நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

அத்தை பதிவு செய்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. கோடு போட்ட பிறகு ஆறு இலக்க 'பின்' ஒன்றையும் கேட்டது. அத்தை வைக்காத பின் அது, திருடன் வைத்தது. இங்கேதான் பலரும் "முடிஞ்சுது, அவன் கைக்குப் போயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. கோடு ஏற்கப்பட்டதுமே அவன் வெளியே போய்விட்டான். பின் தெரியாததால் அத்தை ஏழு நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமையிழந்து கோடு கேட்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், ஆப் மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். அதற்குள் அவன் இன்னொரு கோடு கேட்டுப் பார்க்கக்கூடும். அத்தைக்கும் மூன்றாம் நாள் இன்னொரு எஸ்எம்எஸ் வந்தது. இந்தமுறை யாருக்கும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் கணக்கு திரும்பியது. முதலில் Linked devices பகுதியைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இணைந்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு Settings, Account, Two-step verification என்று போய் அத்தையே ஒரு பின் வைத்தார். இதை முன்பே வைத்திருந்தால் எஸ்எம்எஸ் கோடு கையில் கிடைத்தும் அவன் உள்ளே போயிருக்க முடியாது. முதலில் பிறந்த தேதியைப் போடப் பார்த்தார், வேண்டாம் என்றேன். பின் மறந்தால் மீட்க, மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தோம். வாட்ஸ்அப் அவ்வப்போது அந்தப் பின்னைக் கேட்கும், மறக்காமல் இருப்பதற்காக. அத்தை ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் போட்டு, "இதைக் கேக்குது, போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.