ஒரு டேங்க் வழிகிறது, பக்கத்து டேங்க் காலி: ஃப்ளோட் வால்வைச் சரிசெய்வது எப்படி?

நான்கு வீடுகள் உள்ள சின்ன அடுக்ககம், மொட்டை மாடியில் நான்கு பிளாஸ்டிக் டேங்க், எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார், ஒரே குழாய். இந்த மாதிரி இடங்களில்தான் ஃப்ளோட் வால்வு தகராறு அதிகம். ஒரு டேங்க் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், பக்கத்து டேங்கில் பாதிகூட ஏறியிருக்காது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வழிகிற டேங்கின் வால்வுதான். அது மூடாததால் தண்ணீர் தடையில்லாத அந்தப் பக்கமே போகிறது.

உள்ளே இருப்பது எளிய அமைப்பு. தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே வரும், பந்தோடு சேர்ந்த கம்பி உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் முனையில் உள்ள ரப்பர் வாஷர் தண்ணீர் வரும் துளையை அடைக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. மோட்டார் ஓடும்போது, வழிகிற டேங்கின் மூடியைத் திறந்து பந்தைக் கையால் நன்றாக மேலே தூக்குங்கள்.

தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது, கோளாறு பந்திலோ கம்பியிலோதான். பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் குலுங்கினால் ஓட்டை விழுந்திருக்கிறது, அது மிதக்காது, பந்தை மட்டும் மாற்றினால் போதும். பந்து சரியாக இருந்தால், டேங்க் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கம்பி உயரமாக நிற்கிறது, அதாவது வால்வு மூடுவதற்குள் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயைத் தொட்டுவிடுகிறது. பித்தளைக் கம்பி என்றால் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பந்து இருக்கும் முனையை மறுகையால் மெதுவாகக் கீழே வளைக்கலாம் (பிடிக்காமல் வளைத்தால் மூட்டில் இருக்கும் பின் உடையும்). பிளாஸ்டிக் கம்பியை வளைக்காதீர்கள், அதில் திருகு இருந்தால் அதைத் தளர்த்திப் பந்தை இறக்குங்கள். ஓவர்ஃப்ளோ குழாய்க்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும்.

தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லையா, அப்போது வாஷர் தேய்ந்திருக்கும், இல்லை மண்ணோ உப்போ இடையில் சிக்கியிருக்கும். மோட்டாரை நிறுத்தி, அந்த டேங்குக்கான கேட் வால்வை மூடுங்கள். கம்பியைப் பிடித்திருக்கும் வளைந்த பின்னைக் குறடால் நேராக்கி உருவினால் கம்பி வந்துவிடும், பிஸ்டனும் நழுவி வரும். பின் டேங்குக்குள் விழாமல் கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் முனை மூடியைத் திருகி வாஷரை எடுத்து, அதே அளவில் புதிதாகப் போடுங்கள். கடை மூடியிருந்தால் பழையதையே திருப்பிப் போட்டாலும் சில நாள் ஓடும்.

நிரம்பாத டேங்கில் சோதனை தலைகீழ். பந்தைக் கீழே அழுத்துங்கள். மற்ற டேங்குகளின் வால்வுகள் மூடியிருந்தும் இதில் தண்ணீர் வரவில்லையென்றால், கேட் வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிரிக்காதீர்கள், இது நடக்கும். திறந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு பிஸ்டனை இறுக்கியிருக்கும். அதைக் கழற்றி, வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் இளகிவிடும். இளகாவிட்டாலும், துளையின் விளிம்பே அரித்துப் போயிருந்தாலும், முழு வால்வையும் மாற்றுவதுதான் சரி.

புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று குழம்ப வேண்டாம். மோட்டார் அழுத்தத்தில் வரும் தண்ணீர் என்பதால் ஹை பிரஷர் வால்வு என்று கேளுங்கள், லோ பிரஷர் வால்வு அந்த வேகத்துக்கு மூடாமல் மறுபடி வழியும். மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகப் பத்துச் சுற்று சுற்றி, டேங்க் சுவரின் இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டை இறுக்குங்கள். கையால் முடிந்தவரை, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று, அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விடும். இறுக்கும்போது வால்வு உள்ளே திரும்பிக் கம்பி சாய்ந்துவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது.

அப்புறம் கேட் வால்வைத் திறந்து, மோட்டாரைப் போட்டு டேங்க் நிரம்பும்வரை அங்கேயே நில்லுங்கள். தண்ணீர் நின்றதும் மோட்டாரை ஓடவிட்டே ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள், ஈரம் கசிந்தால் கம்பியை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். நான்கு டேங்கும் நிரம்பி நான்கு வால்வும் மூடிவிட்டால் மோட்டார் போக வழியில்லாத தண்ணீரை முட்டித் தள்ளிச் சூடாகும், வால்வு மோட்டாரை நிறுத்தாது. அதற்குக் கடைசியாக நிரம்பும் டேங்கில் ஒரு லெவல் கன்ட்ரோலர் வேண்டும், அல்லது நேரம் பார்த்து ஒருவர் நிறுத்த வேண்டும்.