லாக்கரில் மொட்டைக் கடிதம்: உறையின் மேல் எழுதிய பேனாவும் மற்ற தவறுகளும்

போன மாதம் காலை ஷிஃப்ட் மாறிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒரு தம்பி என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கால்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். "அண்ணே, லாக்கர்ல கெடந்துச்சு." தாள் லேசாக ஈரமாக இருந்தது. சிங்கப்பூரில், துவாஸ் பக்கத்துக் கிடங்கில் ஒரு மணி நேரம் பெட்டி தூக்கியவனின் பையில் வேறு எப்படி இருக்கும்? அதற்குள் அறைத்தோழன் பார்த்துவிட்டான், லைன் லீடர் பார்த்துவிட்டார். இப்போது நானும் கையை நீட்டப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்து, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். மேசையிலும் லாக்கரிலும் மிரட்டல் சீட்டு வைக்கிற வேலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்கியவர் செய்கிற தவறுகள் பெரும்பாலும் நான் தொடக்கத்தில் செய்தவைதான். கோபத்தில் கிழித்துப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உறைக்குள் போட்டபின் உறையின் மேல் எழுதுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

2011-இல் வேறொரு இடத்தில் வேலை. அலுவலகத்தில் ஒரு அக்காவின் மேசை மேல், கீபோர்டுக்கு அடியில், ஒரு சீட்டு. பெரிய எழுத்தில் மூன்று வரி, கையெழுத்து இல்லை. நான் அன்று ரொம்ப ஒழுங்காக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். டிஷ்யூவால் ஓரத்தைப் பிடித்து எடுத்தேன், பழுப்பு உறைக்குள் போட்டேன், ஒட்டினேன். பிறகு பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி தேதி, நேரம், இடம், என் பெயர், ஐசி எண் எல்லாம் உறையின் மேல் எழுதினேன். பெருமையாக இரண்டு கோடு வேறு போட்டேன்.

சில வாரம் கழித்து விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உறையின் மேல் எழுதும்போது சீட்டு உள்ளேதானே இருந்தது?" ஆமாம் என்றேன். சீட்டில் பதிந்திருந்த தடங்களை எடுத்தபோது தெளிவாக வந்தது என் தேதியும் என் ஐசி எண்ணும்தானாம். அதற்கு அடியில் வேறேதோ மங்கலாக இருந்திருக்கிறது. படிக்க முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பலருக்குத் தெரியாது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலோ குறிப்பேட்டிலோ இருந்துதான் தாளைக் கிழிக்கிறான். அதற்கு முந்தைய தாளில் அவனே வேறு எதையாவது எழுதியிருக்கலாம்: ஒரு தொலைபேசி எண், ஓவர்டைம் கணக்கு, கடைக்குப் போக வேண்டிய பட்டியல். அந்த அழுத்தம் கீழே உள்ள தாளில் பள்ளமாக இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பள்ளம். தடய அறிவியல் கூடத்தில் தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை விரித்து, மின்னூட்டம் ஏற்றி, கறுப்புத் தூளைப் படரவிடுவார்கள். பள்ளங்கள் இருக்கும் இடத்தில் தூள் தங்கி, எழுத்தாகத் தெரியும். எஸ்டா என்று அந்தக் கருவியைச் சொல்வார்கள். தாளுக்குச் சேதம் இல்லை. எழுதியவன் தன் பெயரை மறைத்திருப்பான், ஆனால் முந்தைய தாளில் எழுதியதை மறைக்க நினைத்திருக்க மாட்டான்.

நாம் உறையின் மேல் அழுத்தி எழுதினால், அந்தப் பள்ளங்களின் மேல் நம் பள்ளம் விழுகிறது. சீட்டின் மேல் தாள் வைத்துக் குறிப்பெழுதினாலும் இதே கதைதான். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கிற ஆட்களும் உண்டு. அது இன்னும் மோசம். தேய்ப்பதே பள்ளத்தைக் கெடுக்கும், கரி ஏறிய தாளில் பிறகு எதையும் சுத்தமாகப் பார்க்க முடியாது.

சரியான வரிசை எளிது. முதலில் வெற்று உறையின் மேல் எல்லாவற்றையும் எழுதுங்கள். மை காயட்டும். அதன்பிறகு சீட்டை உள்ளே நுழைத்துவிடுங்கள். உறை பெரியதாக, ஏ4 அளவில் இருக்கட்டும், புதிதாக மடிக்க வேண்டி வராது. ஏற்கெனவே மடித்திருந்தால் அந்த மடிப்பு அப்படியே இருக்கட்டும். வளையாமல் இருக்க ஒரு சுத்தமான அட்டையைக் கூட வைக்கலாம். அதன் மேல் கோப்புகளை அடுக்காதீர்கள்.

ஈரம்

தம்பியின் கதைக்கு வருகிறேன். தாளில் பட்ட கைரேகையை எடுக்க நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துவார்கள். வியர்வையில் உள்ள அமினோ அமிலங்கள் தாளின் இழைக்குள் ஊறி நிற்கும், நின்ஹைட்ரின் பட்டதும் ஊதா நிறமாகும். இழைக்குள் ஊறிய ரேகை என்பதால் நாள் கடந்தாலும் தாளில் தங்கும். ஆனால் தண்ணீர் பட்டால் அமினோ அமிலம் கரைந்து பரவிவிடும், ரேகையின் கோடுகள் கலங்கிவிடும். வேலை செய்கிறவனின் கால்சட்டைப் பை, மழையில் நனைந்த முதுகுப்பை, பான்ட்ரி மேசை எல்லாமே இதற்கு எதிரி.

அதனால்தான் பிளாஸ்டிக் கவரை விட காகித உறை நல்லது. ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. சில வகை பிளாஸ்டிக் ஃபோல்டர்கள் அச்சு மையை உரித்தெடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். லேமினேட் செய்வது பற்றிக் கேட்டார் ஒருவர். பாதுகாப்பாக இருக்குமாம். சூடும் பசையும் சேர்ந்து தாளை ஆய்வுக்கே ஆகாமல் செய்துவிடும், ஐயா.

அந்தத் தம்பியின் தாளை என் மேசை மேல் விரித்த வெள்ளைத் தாளில் மெதுவாக வைக்கச் சொன்னேன். ஈரம் தானாக ஆறும்வரை விட்டோம். ஹேர்டிரையர் கேட்டான், வேண்டாம் என்றேன். யார் யார் தொட்டார்கள் என்று தனித்தாளில் பெயர்களை எழுத வைத்தேன்: அவன், அறைத்தோழன், லைன் லீடர். சந்தேகத்திலிருந்து விலக்க இவர்களின் ரேகை தேவைப்படலாம். வெட்கப்பட்டு இதை மறைப்பதால் வேலை இரட்டிப்பாகும்.

படம் எடுக்காமல் எடுத்து வைப்பது

லாக்கரில் கிடக்கும்போதே, தொடுவதற்கு முன், படம். தூரத்திலிருந்து ஒன்று, லாக்கர் எண் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று. அளவு தெரிய பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். சிலர் ஒரு டாலர் நாணயம் வைக்கிறார்கள், ஆனால் பழைய நாணயமும் 2013-இல் வந்த புதியதும் வெவ்வேறு அளவு. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தும் ஒரு படம் எடுங்கள். சில சமயம் பள்ளமான எழுத்து நிழலாக அதிலேயே தெரியும்.

கேமரா பதிவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது

சிசிடிவி பதிவுக் கருவி நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதும். எத்தனை நாள் என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வந்தவர்களுக்கு நான் காட்ட ஒன்றும் இருந்ததில்லை.

உடை மாற்றும் அறைக்குள் கேமரா இருக்காது. வாசல் நடைவழியிலும் மின்தூக்கி முகப்பிலும் இருக்கும். எனவே முக்கியமான கேள்வி, சீட்டு எந்த நேரத்துக்குள் வைக்கப்பட்டது என்பதே. தம்பி செவ்வாய் மாலை 7.20-க்கு லாக்கரைப் பூட்டியிருக்கிறான். அப்போது உள்ளே ஒன்றுமில்லை. புதன் காலை 7.10-க்குத் திறந்தபோது சீட்டு, கதவின் காற்றுத் துளை வழியாக விழுந்த நிலையில். ஆக ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். நடைவழிக் கேமரா, கதவு அட்டையின் நுழைவுப் பதிவு இரண்டையும் அந்த நேரத்துக்கு மட்டும் தனியே சேமிக்கச் சொன்னேன்.

இன்னொன்று. பதிவுக் கருவியின் கடிகாரம் எங்கள் இடத்தில் 6 நிமிடம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. கதவுக் கருவி சரியான நேரம் காட்டியது. இந்த வித்தியாசத்தை அன்றே எழுதி வைக்காவிட்டால் பிறகு இரண்டு பதிவும் ஒன்றோடொன்று பொருந்தாது, நல்ல ஆதாரம் குழம்பிப் போகும்.

நீங்கள் ஊழியராக இருந்தால், கேமரா பதிவின் நகலைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். மற்றவர்கள் முகமும் அதில் இருப்பதால் நிர்வாகம் தயங்கும். "அழிக்காமல் சேமித்து வையுங்கள்" என்று மட்டும் மின்னஞ்சலில் கேளுங்கள். நேரத்தைக் குறிப்பிடுங்கள். போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும்.

வாட்ஸ்அப் குழுவில் போடுவது

எழுதியவனும் அந்தக் குழுவில் இருப்பான்.

கையெழுத்தை நாமே ஒப்பிடுவது

விடுப்புப் படிவங்களை எடுத்து வைத்து "இந்த ழகரம் அவனுடையதுதான்" என்று முடிவு கட்டியதை ஒருமுறை பார்த்தேன். தவறான ஆள். இன்றைக்கும் இருவரும் பேசுவதில்லை.

அசலை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது

மனிதவளப் பிரிவுக்கு நகல் போதும். அசலைக் கேட்டால், யார் வாங்கினார், எந்த நேரம், எங்கே வைப்பார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் பிறகு கண்டுகொள்ளாவிட்டால், வேலையிடத் துன்புறுத்தல் பற்றி, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் போகலாம். ஆனால் மிரட்டல் இருந்தால் அலுவலக விசாரணை முடியும்வரை போலீஸுக்குப் போகாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேராகப் போகலாம், இணையத்திலும் புகார் பதியலாம். இப்போதே ஆபத்து என்றால் 999. புகாரில் சீட்டின் வாசகத்தை எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள். தமிழில் இருந்தால் தமிழ் வாசகத்தையும் காட்டுங்கள், நீங்களே சுருக்கி ஆங்கிலமாக்காதீர்கள். "கவனிச்சுக்கிறேன்" என்பது அன்பாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அசலைக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டும் புகார் எண்ணும் கேட்டு வாங்குங்கள்.

பெயர் போடாததால் குற்றம் குறையும் என்று நினைக்க வேண்டாம். மிரட்டலுக்குத் தண்டனைச் சட்டத்தின் 506-ஆம் பிரிவு இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் 507-ஆம் பிரிவின்படி கூடுதலாக இரண்டு ஆண்டுவரை சிறை சேர்க்கலாம். 2014-ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் வேலையிடத்துக்குப் பொருந்தும். அதன் பாதுகாப்பு ஆணையை நம்பி நேராக நீதிமன்றம் போக நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: ஆணை ஒரு ஆளுக்கு எதிராகத்தான் போடப்படும். யார் எழுதியது என்று தெரியாதவரை, அந்தத் தாளும் அந்தப் பன்னிரண்டு மணி நேரப் பதிவும்தான் கையில் இருப்பவை.

தூள் ஏதாவது கொட்டினால்

தொடாதீர்கள், வெளியே வாருங்கள், 999.

இரண்டாவது சீட்டு

முதல் சீட்டு இருக்கும் உறைக்குள் போடாதீர்கள். தனி உறை, தனித் தேதி. தம்பிக்கு ஒன்பதாம் நாள் இன்னொன்று வந்தது. இந்தமுறை அவன் தொடவில்லை, லாக்கர் கதவைத் திறந்தபடியே வைத்து எனக்கு ஃபோன் செய்தான். நான் வெற்று உறையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். நடைவழியில் நின்று முதலில் உறையின் மேல் எழுதி முடித்தேன்.