மாடிக் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வருகிறதா?

கீழ் வீட்டில் தண்ணீர் சீறுகிறது, மாடியில் மட்டும் வடிகிறது என்றால் உடனே பிரஷர் பம்ப் விலை விசாரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு வால்வை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஒரே ஒரு குழாயில்தான் குறைவு என்றால் அதன் முனையிலுள்ள வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள், போதும். மாடி முழுக்கக் குறைவு என்றால் மேலே படியுங்கள்.

1. உயரத்தை அளங்கள்

எங்கள் மாடியில் ஷவர் தரையிலிருந்து 7 அடி. மொட்டை மாடித் தளம் 10½ அடி, அதன்மேல் 1 அடி மேடையில் டேங்க். டேங்கில் 2 அடி தண்ணீர் இருந்தால், ஷவருக்கு மேலே நிற்பது வெறும் 6½ அடி. கீழ்வீட்டு ஷவருக்கு அதுவே 17 அடி. 33 அடிக்குச் சுமார் 1 பார் என்பது கணக்கு. அப்படியானால் மாடிக்குக் கிடைப்பது 0.2 பார்தான். அதனால்தான் சின்ன அடைப்பு கூட மாடியில் பெரிதாகத் தெரிகிறது.

டேங்க் நிரம்பியதும் நன்றாக வந்து, குறையக் குறைய மெலிந்தால் உயரம்தான் காரணம். மேடையை 3 அடி உயர்த்தினாலும் வரத்து ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை, அதையும் யோசியுங்கள்.

2. வால்வு

பல வீடுகளில் மாடிக்குத் தனி லைன், தனி வால்வு. பால் வால்வில் கைப்பிடி பைப்போடு ஒரே நேராக இருந்தால் முழுதும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏமாற்றுவது கேட் வால்வு. சக்கரம் சுற்றும், ஆனால் உள்ளே தண்டிலிருந்து கழன்ற தகடு பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மாடிக் குழாயைத் திறந்துவைத்து, சக்கரத்தைக் கடைசிவரை மூடுங்கள். நல்ல வால்வு என்றால் சில சுற்றில் இறுகும், தண்ணீரும் நிற்கும். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, மூடியும் திறந்தும் வரத்து மாறாவிட்டாலோ வால்வு போய்விட்டது. இறுகிக் கிடந்தால் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள், தண்டு முறிந்துவிடும். மாற்றும்போது பித்தளை பால் வால்வே போடுங்கள். கேட் வால்வு எனக்கு இனி வேண்டவே வேண்டாம்.

3. உப்பு

ஒரு குழாயில் ஓரளவு வருகிறது, இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது செத்துவிடுகிறது, வால்வும் சரி என்றால் பொது லைனில் அடைப்பு. டேங்க் வால்வை மூடி, அடுத்துள்ள யூனியன் என்ற கழற்றக்கூடிய இணைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவம், பழைய ஜி.ஐ. பைப் என்றால் துருக்கட்டி. எல்போக்களையும் பாருங்கள். ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. துருவேறிய பைப் அதில் ஓட்டையாகும். அந்தத் துண்டை வெட்டி சி.பி.வி.சி. போடுவதே மேல்.

பின்சேர்க்கை: டேங்க் கழுவிய பிறகுதான் குறைந்தது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது பைப்பில் சிக்கிய காற்று. டேங்கை நிரப்பி, மாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிடுங்கள். அடிக்கடி வந்தால் வால்வுக்கு அடுத்து, டேங்கின் மேல்மட்டத்தைத் தாண்டி நிற்கும் காற்றுக் குழாய் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.