சாம்ப் விளையாட்டு: ஜெயிப்பது உறுதி, எப்படி என்பதில்தான் சறுக்கல்

சாக்லேட் பட்டை மாதிரி ஒரு செவ்வகம். கீழே இடது மூலைக் கட்டத்தில் விஷம். உங்கள் முறை வந்தால் ஒரு கட்டத்தைத் தொடுங்கள். அதுவும், அதற்கு மேலும் வலப்பக்கமும் உள்ள எல்லாமும் போய்விடும். விஷத்தைத் தின்பவர் தோற்றார். டேவிட் கேல் 1974-இல் எழுதிய ஆட்டம் இது. ஒற்றைக் கட்டப் பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் முதலில் ஆடுபவர் ஜெயிக்க முடியும்.

நிரூபணம் நாலு வரிதான். மேல் வலது மூலையின் ஒற்றைக் கட்டத்தை மட்டும் கடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஜெயிக்கும் ஆட்டம் என்றால் சரி. இல்லையென்றால் எதிராளியிடம் அதற்கு ஒரு வெற்றிப் பதில் இருக்கும். ஆனால் எந்தக் கடியும் அந்த மூலையைச் சேர்த்தே விழுங்கும். ஆகவே அந்தப் பதிலை நீங்களே முதலில் ஆடியிருக்கலாம்.

இதைப் படித்ததும் பலர் செய்யும் தவறு, மூலையைக் கடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்வது. நிரூபணம் அப்படிச் சொல்லவே இல்லை. 3 வரிசை, 4 நிரல் பலகையில் நீங்கள் மூலையைக் கடித்தால், எதிராளி நடு வரிசையின் மூன்றாம் கட்டத்தைத் தொடுவார். மிஞ்சுவது இது:

```
■ ■
■ ■
✗ ■ ■ ■
```

இங்கிருந்து நீங்கள் என்ன ஆடினாலும் தோல்விதான். உதாரணமாக, கீழ் வரிசையின் கடைசிக் கட்டத்தை எடுத்தால், அவர் மேல் வரிசை முழுவதையும் எடுத்து, கீழே 3, அதற்கு மேல் 2 கட்டம் என்று விடுவார். அந்த நடு வரிசைக் கட்டத்தை நீங்களே முதலில் தொட்டிருந்தால் இதே படம் அவர் முன்னால் இருந்திருக்கும்.

அடுத்த தவறு, சின்னப் பலகையில் கண்ட விதியைப் பெரியதற்கு நீட்டுவது. சதுரப் பலகையில் விஷத்துக்கு மூலைவிட்டமாக ஒட்டிய கட்டத்தைக் கடித்து, எல் வடிவம் விட்டு, எதிராளி செய்வதை மறுகையில் அப்படியே திருப்பிச் செய்தால் போதும். இரண்டு வரிசைப் பலகையிலோ மூலைக் கட்டமே சரியான தொடக்கம். அப்புறம் கீழ் வரிசை எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிசை வந்ததும் இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. 3×3, 3×4 இரண்டிலும் வெற்றிக் கடி நாலு கட்டம். 3×5-இல் மேல் வரிசையின் கடைசி இரண்டு கட்டம் மட்டும். 3×6-க்கு ஊகித்துப் பாருங்கள், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. எல்லாப் பலகைக்கும் பொதுவான சூத்திரம் இதுவரை கையில் இல்லை. நிலைகளைக் கணினியில் சின்னதிலிருந்து பெரியதாக அலசலாம், ஆனால் 20×20-க்கே 13,784 கோடிக்கு மேல் நிலைகள்.

வெற்றிக் கடி ஒன்றே ஒன்றுதான் என்று நம்புவதும் தவறு. சிறிய பலகைகளில் அப்படித்தான் தெரியும், ஆனால் 8×10-இல் இரண்டு இருக்கின்றன.

பலகை வலப்பக்கம் முடிவில்லாமல் நீண்டால் நிரூபணமும் கைவிடும், ஏனென்றால் கடிக்க மூலையே கிடையாது. இரண்டு வரிசை முடிவிலிப் பலகையில் ஜெயிப்பவர் இரண்டாம் ஆள்.