போட்டோவில் வந்த ஆஸ்பத்திரி பில்லை வீட்டாருக்குப் பிரித்துச் சொல்வது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு ராமநாதபுரத்தில் குடல்வால் ஆபரேஷன். கூடவே குரல் பதிவு: "அக்கா, மூணு ராத்திரிதான் இருந்தோம். நாலு நாள் வாடகை போட்டிருக்காங்க." பில்லிங் கவுண்டரில் சில வருடம் வேலை பார்த்தவள் என்பதால் இப்படி அடிக்கடி வரும். அந்த பில்லை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. அவர் அனுப்பியது ஒரே பக்கம்: அறை, மருந்து, ஆபரேஷன், மொத்தம். இது சுருக்க பில். இதில் எதையும் சரிபார்க்க முடியாது. "ஐட்டம் வாரியான பில் வேண்டும்" என்று கேட்கச் சொன்னேன். அதைக் கேட்டு வாங்கும் உரிமை தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் மேஜையில் விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். வலது ஓரம் வெட்டுப்பட்டால் எண்ணிக்கையும் தொகையும் போய்விடும்.

அறை வாடகை. சேர்ந்தது திங்கள் இரவு 9 மணி, கிளம்பியது வியாழன் காலை 11 மணி. தேதியை எண்ணினால் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என 4 நாள். 24 மணி நேரக் கணக்கில் 62 மணி நேரம், அதாவது 3 நாள். பகல் 12 முதல் மறுநாள் பகல் 12 வரை ஒரு நாள் என்றாலும் 3 தான். ஆகவே "தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "உங்கள் கணக்கு எந்த முறை?" என்று கேளுங்கள். அங்கே கட்டணப் பலகையில் பகல் 12 மணிக் கணக்கு என்றே எழுதியிருந்தது. ஒரு நாள் வாடகை 1,800 ரூபாய் குறைந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ராத்திரி ஐசியூவில் வைத்திருந்தால், அதே ராத்திரிக்கு வார்டு அறை வாடகையும் ஏறியிருக்கிறதா? கூட இருப்பவர்கள் தங்க அறையை விடாமல் வைத்திருந்தால் அது நியாயம். காலி செய்திருந்தால் கேட்கலாம்.

ஊசி, டியூப், பஞ்சு. பில்லில் நீளமான பகுதி இதுதான், வீட்டார் மலைத்துப்போவதும் இங்கேதான். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், ஒன்றோடொன்று சேர்ந்து போகும் பொருள்களைப் பாருங்கள். இந்த பில்லில் குளுக்கோஸ், சலைன் பாட்டில் 10, அதை ஏற்றும் டியூபான ஐவி செட்டும் 10. ஒரு செட்டை வைத்தே பல பாட்டில் ஏற்றலாம், பாட்டிலுக்கு ஒன்று தேவையில்லை. நர்ஸிடம் விசாரித்ததில் 3 தான் பிரித்திருந்தார்கள். மீதி 7 வார்டு அலமாரியிலேயே இருந்தது. பார்மசியில் திருப்பிக் கொடுத்ததும் பில்லில் கழித்தல் குறியோடு 'ரிட்டர்ன்' என்று ஒரு வரி வந்தது: ஒரு செட் 120 ரூபாய் வீதம் 7 செட்டுக்கு 840 ரூபாய். பாக்கெட் பிரிக்காமல் இருந்தால்தான் இது நடக்கும், அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்.

கையில் குத்தும் வென்ஃபிளான் 3 இருந்தது. அதில் தப்பில்லை. அம்மாவின் கை வீங்கியதால் இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள், தழும்பும் தெரிந்தது.

பஞ்சு, காஸ் துணி, பிளேடு தனியாகப் போட்டிருந்தால், காப்பீடு உள்ளவர்கள் கவனியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல்படி இவை ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்கியவை. மீன்பிடிப் படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துப் பங்கு பிரித்த பிறகு மறுபடி ஐஸுக்குக் காசு கேட்பது மாதிரி. கம்பெனி தனியாகத் தராது, கவுண்டரிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

குறியீடுகள். பில்லில் ஐட்டம் பக்கத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரியின் சொந்தக் கணக்கு எண். வெளியே அதற்கு அர்த்தம் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அர்த்தமுள்ளவை காப்பீட்டு கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் இருக்கும். இவருடையதில் இருந்தது:

```
K35
0DTJ4ZZ
```

முதலாவது நோய்: திடீர் குடல்வால் அழற்சி. இரண்டாவது செய்த சிகிச்சை. அதில் J என்பது குடல்வால், T என்பது முழுவதுமாக எடுத்தது. ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்: 4 என்றால் துளை போட்டுக் கேமரா வழியாக, 0 என்றால் வயிற்றைத் திறந்து. அம்மாவின் வயிற்றில் சின்னச் சின்னதாக மூன்று தையல், ஆக 4 பொருந்துகிறது. ஒரே நீளத் தையல் இருந்து 4 போட்டிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஆபரேஷன் குறிப்பைக் காட்டிக் கேட்க வேண்டும். துளையில் ஆரம்பித்து நடுவில் திறக்க வேண்டிவந்திருக்கலாம், அதுவும் அந்தக் குறிப்பில் எழுதியிருக்கும்.

தம்பியின் பில்லில் மொத்தம் 2,640 ரூபாய் குறைந்தது. திருத்திய பில்லையும் பழையதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொன்னேன், கிளெய்முக்குத் திருத்தியதுதான் போக வேண்டும்.