முதல் ஃப்ளைட் டிக்கெட்: கேன்சல் செய்தால் கைக்கு எவ்வளவு வரும்?

திருப்பூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். முதல் தடவை ஃப்ளைட்டில் போகிறவர்கள் விலை கேட்பார்கள், ஜன்னல் சீட் கேட்பார்கள். "ஏனுங்க, கேன்சல் பண்ணுனா பூராவும் வந்துருமுங்களா?" என்ற கேள்வி மட்டும் பணம் கட்டின பிறகுதான் வரும். அதற்கான பதிலைப் பணம் கட்டுவதற்கு முன்னாடியே நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். பனியன் யூனிட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், சாம்பிள் பெட்டியோடு கோவையிலிருந்து டெல்லி போகிறார். டிக்கெட் 6,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகை எல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் டிக்கெட்டில் வேறு எண்கள் இருக்கும், கணக்குப் போடும் முறை இதேதான்.

படி 1: 6,200 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள்

விலைக்குப் பக்கத்தில் 'Fare Summary' அல்லது 'Fare Breakup' என்று இருக்கும். அதைத் தொட்டால் தொகை பிரிந்து வரும். நம் அண்ணனுக்கு அடிப்படைக் கட்டணம் 5,000, வரியும் விமான நிலையக் கட்டணங்களும் சேர்ந்து 850, ஆன்லைனில் டிக்கெட் போட்டதற்காக எடுக்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் 350.

இந்த மூன்றும் கேன்சல் செய்யும்போது மூன்று விதமாக நடந்துகொள்ளும். கேன்சல் கட்டணம் என்று பிடிப்பது அடிப்படைக் கட்டணத்திலிருந்து மட்டும். எரிபொருள் கட்டணம் தனியாகப் போட்டிருந்தால் அதுவும் இதோடு சேரும். இரண்டையும் தாண்டிப் பிடிக்கக்கூடாது என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. வரியும் விமான நிலையக் கட்டணமும் நீங்கள் போகாவிட்டால் திரும்பி வரவேண்டியவை. கன்வீனியன்ஸ் கட்டணம் போனது போனதுதான்.

படி 2: கேன்சல் விதியைத் தேடிப் படியுங்கள்

'Fare Rules' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும்: கிளம்ப நான்கு நாளுக்கு மேல் இருந்தால் ஒரு தொகை, அதற்குள் என்றால் கூடுதலான தொகை. நாள் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடைசி நாளில் கேன்சல் செய்தால் 4,000 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அண்ணனுக்கு 5,000-ல் 4,000 போய் 1,000 மிஞ்சும். அதோடு 850 சேர்ந்து 1,850 ரூபாய் கைக்கு வரும்.

இதே டிக்கெட்டை ஆஃபரில் 2,500 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு வாங்கியிருந்தால்? 4,000 பிடிக்க முடியாது, இருக்கிற 2,500-ஐத்தான் பிடிப்பார்கள். 850 மட்டும் வரும். அதனால்தான் விலை மலிவான டிக்கெட்டை "திரும்பாத டிக்கெட்" என்றே நினைத்து வாங்குங்கள் என்கிறேன். மேலே 'Refundable' என்று பச்சை எழுத்தில் இருந்தாலும் அதை நம்பி ஏமாற வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதற்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

இன்னும் ஒன்று, தொகைக்குப் பக்கத்தில் 'per passenger, per sector' என்று இருக்கிறதா பாருங்கள். ஆள் ஆளுக்கு, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக என்று அர்த்தம். போகவும் வரவும் சேர்த்துக் குடும்பத்தோடு நான்கு பேருக்குப் போட்டால், அந்த 4,000 எட்டு தடவை பிடிக்கப்படும். பலர் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான்.

ஃப்ளைட்டைத் தவறவிட்டால் அடிப்படைக் கட்டணம் பொதுவாகப் போய்விடும். ஆனால் வரியும் விமான நிலையக் கட்டணமும் அப்போதும் உங்களுடையவைதான். தானாக வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை.

விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேராகப் போட்டிருந்து, பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால், உள்நாட்டு டிக்கெட்டைப் போட்ட பிறகு குறைந்தது 24 மணி நேரம்வரை கட்டணமில்லாமல் கேன்சல் செய்யலாம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் அந்த 24 மணி நேரத்துக்குள் சொன்னால் காசில்லாமல் திருத்தித் தருவார்கள். டிக்கெட் கைக்கு வந்த உடனே பெயரை ஆதாரோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

படி 3: தேதி மாற்றுவதா, கேன்சல் செய்வதா

தேதி மாற்றும்போது இரண்டு செலவு வரும். மாற்றும் கட்டணம் ஒன்று, புது தேதியில் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசம் இன்னொன்று. அண்ணனுக்கு மாற்றும் கட்டணம் 3,000, புது தேதியில் அடிப்படைக் கட்டணம் 6,200 என்றால், 3,000-மும் 1,200-மும் சேர்ந்து 4,200 ரூபாய், கூட கொஞ்சம் வரி. கேன்சல் செய்துவிட்டுப் புதிதாக வாங்கினால் 1,850 திரும்பும், ஆனால் புது டிக்கெட் ஏழாயிரத்தைத் தாண்டும். ஆக ஐயாயிரத்துக்கு மேல் கைவிட்டுப் போகும். இங்கே மாற்றுவதுதான் லாபம்.

மலிவு டிக்கெட்டாக இருந்தால் கணக்கு தலைகீழாகவும் போகலாம். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு திரும்பும் என்று திரையிலேயே காட்டும். இரண்டு வழியையும் அதுவரை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புது தேதியில் விலை குறைவாக இருந்தால் வித்தியாசம் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விமான நிறுவனமே ஃப்ளைட்டை ரத்து செய்தால் இந்தக் கட்டணம் எதுவும் இல்லை. முழுப் பணத்தைக் கேட்கலாம், அல்லது வேறு ஃப்ளைட் கேட்கலாம். அந்தத் தகவல் டிக்கெட்டில் கொடுத்த செல் நம்பருக்குத்தான் வரும். எங்களைப் போன்ற கடையில் போட்டால் உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் நம்பருக்கு வந்தால் அது சாயங்காலம்வரை அங்கேயே கிடக்கும். கடை தனியாக எடுக்கும் சர்வீஸ் சார்ஜையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: பெட்டி

உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாகக் கவுண்டரில் போடும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் கொண்டுபோக 7 கிலோ. ஆனால் கட்டண வகையைப் பார்க்காமல் 15 கிலோ இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'Xpress Lite' வகையில் கவுண்டர் பெட்டியே கிடையாது. அதில் டிக்கெட் போட்டால் நம் அண்ணனின் சாம்பிள் பெட்டிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

'1 piece' என்று போட்டிருந்தால் ஒரே பெட்டிதான். எட்டு கிலோ அட்டைப்பெட்டி ஒன்று, ஏழு கிலோ சூட்கேஸ் ஒன்று என்று கொண்டுபோனால், மொத்தம் 15-க்குள் இருந்தாலும் இரண்டாவதுக்குக் காசு கேட்கலாம். எடை கூடும் என்று தெரிந்தால் முந்தின நாளே ஆன்லைனில் கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள். பீளமேடு விமான நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் நின்று வாங்குவது அதைவிட விலை அதிகம். வீட்டிலேயே எடை போட்டு 14 கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள், தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும்.

டெல்லியில் இருக்கும் சொந்தக்காரருக்குக் காங்கேயத்துக் கொப்பரையை மூட்டை கட்ட வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறும் பொருள் என்று அதைப் பெட்டியில் எடுக்க விடமாட்டார்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். அது கவுண்டர் பெட்டியில் இருந்தால், உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.