மாணவர் சீசன் விண்ணப்பம்: கொடுக்கும் முன் மூன்று பார்வை

இ.போ.ச. பஸ் சீசன் விண்ணப்பத்தில் வயதை அடையாள அட்டை எண்ணிலேயே சரிபார்க்கலாம். புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளையென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2009561 என்று தொடங்கினால், 561இல் 500 போக 61, அதாவது மார்ச் 1. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் எண்ணுங்கள், இல்லாவிட்டால் மார்ச் 2 என்று வந்து வீணாகக் குழம்புவீர்கள். அட்டை எடுக்காத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான்.

அதிபரின் கையொப்பம், முத்திரை, திகதி மூன்றும் இருக்கிறதா, பிள்ளை இப்போதும் அந்தப் பாடசாலையில்தான் படிக்கிறாரா என்று பாருங்கள்.

அதிகம் பிழை வருவது வழித்தடத்தில். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் ஏறுகிறார் என்று வையுங்கள். விண்ணப்பத்தில் ‘வெள்ளவத்தை – புறக்கோட்டை’ மட்டும் இருந்தால், இரண்டாவது பஸ்ஸில் காசு கொடுக்கவேண்டி வரும். மாறும் இடத்தையும் இரு துண்டுகளையும் தனித்தனியாக எழுதுங்கள். இந்த சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே இரண்டு துண்டிலும் பாடசாலை நேரத்துக்கு இ.போ.ச. பஸ் ஓடுகிறதா என்பதைப் பணம் கட்டும் முன்னரே விசாரியுங்கள்.